சாட்டை அழித்தாலும் முக்கியமானவை தங்க வேண்டுமா? ஸ்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் என் அத்தையின் ஃபோனில் இடமே இல்லாமல் போனது. கேமராவைத் திறந்தால் படம் எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குரூப் ஒன்று மட்டும் பல ஜிபி பிடித்திருந்தது. "எல்லாத்தையும் அழிச்சிடு" என்று ஃபோனை என் கையில் கொடுத்தவர், உடனே "மாமா பேசினது மட்டும் போயிடக் கூடாது" என்றார். மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் அனுப்பிய 42 விநாடி வாய்ஸ் நோட் அந்த குரூப்பில்தான் எங்கோ கிடந்தது. அன்று அந்த ஃபோனில் செய்தவற்றையும், அதன்பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் வாட்ஸ்அப்பைப் பற்றியதுதான். டெலிகிராம் ஓரிடத்தில் வரும்.

ஸ்டார் போட்டால் அந்த மெசேஜ் வேறு இடத்தில் சேமிக்கப்படுகிறதா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். ஸ்டார் என்பது மெசேஜின் மேல் வைக்கும் ஓர் அடையாளம்தான். புத்தகத்தில் ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு வைப்பது போல. கோடிட்ட வரி அதே பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் வரியும் சேர்ந்து போகும்.

Starred என்ற பட்டியலைத் திறந்தால் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் அது தனிப் பெட்டி என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டியல் காட்டுவது அந்தந்த சாட்டில் இருக்கும் அதே மெசேஜைத்தான், நகலை அல்ல. பட்டியலில் ஒன்றைத் தொட்டால் அது வந்த சாட்டுக்கே கூட்டிப் போகும், அதே தேதிக்கு, அதே இடத்துக்கு.

எப்படிப் போடுவது, போட்டதை எங்கே பார்ப்பது?

மெசேஜை அழுத்திப் பிடித்தால் ஆண்ட்ராய்டில் மேலே ஒரு பட்டை வரும். அதில் நட்சத்திரக் குறியைத் தொட வேண்டும். ஐஃபோனில் அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் Star என்று இருக்கும். மெசேஜின் ஓரத்தில், நேரத்துக்குப் பக்கத்தில், சின்ன நட்சத்திரம் தெரிந்தால் சரி.

எல்லா சாட்டிலும் போட்டவற்றைச் சேர்த்துப் பார்க்க, ஆண்ட்ராய்டில் முதல் திரையின் மூன்று புள்ளியைத் தொட்டு Starred போகலாம். ஐஃபோனில் Settings உள்ளே Starred இருக்கும். ஒரே குரூப்பில் போட்டதை மட்டும் பார்க்க, அந்த குரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போனாலும் கிடைக்கும். அழிக்கும் முன் சரிபார்க்க இந்த இரண்டாவது வழிதான் எனக்கு வசதி, ஏனென்றால் அந்த குரூப்புக்கு உரியவை மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

நான் ஸ்டார் போட்டது அனுப்பியவருக்குத் தெரியுமா?

தெரியாது. அறிவிப்பு எதுவும் போகாது. அது உங்கள் கணக்கோடு மட்டும் இருக்கும் அடையாளம்.

Clear chat கொடுத்தால் ஸ்டார் போட்டவை தப்பிக்குமா?

தப்பிக்கும், ஆனால் நீங்கள் அப்போது கேட்கப்படும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் மட்டும். ஆண்ட்ராய்டில் சாட்டுக்குள் மூன்று புள்ளி, More, Clear chat என்று போனால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஸ்டார் போட்டவற்றையும் அழிக்கலாமா என்று ஒரு வரி, பக்கத்தில் டிக் போடும் இடம். இன்னொரு வரி, இந்த சாட்டில் வந்த படங்களையும் வீடியோக்களையும் கேலரியிலிருந்து அழிக்கலாமா என்று. ஐஃபோனில், எல்லா மெசேஜையும் அழி என்றும், ஸ்டார் போட்டவை தவிர மற்றதை அழி என்றும் தேர்வு கேட்கும்.

அந்த வரிகளின் சொற்கள் வாட்ஸ்அப்பின் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறுகின்றன. அதனால் "இரண்டாவது டிக்கை எடுத்துவிடு" என்று ஃபோனில் யாராவது வழி சொன்னால் அப்படியே செய்துவிடாதீர்கள். திரையில் இருக்கும் வரியை நீங்களே வாசியுங்கள்: டிக் இருந்தால் ஸ்டார் போட்டவை அழியுமா, தங்குமா? அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால், முக்கியமில்லாத ஒரு சின்ன சாட்டில் சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு விளம்பர மெசேஜுக்கு ஸ்டார் போடுங்கள், அந்த சாட்டில் Clear chat கொடுங்கள், ஸ்டார் போட்டது மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. அத்தையின் ஃபோனில் நான் முதலில் செய்தது இதைத்தான். கூரியர்காரரின் சாட் ஒன்று அதற்கு உதவியது.

Delete chat கொடுத்தாலும் அப்படித்தானே?

அப்படி இல்லை. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருப்பதால்தான் நிறையப் பேர் இங்கே இழக்கிறார்கள். Clear chat உள்ளே இருப்பதை அழித்துவிட்டு சாட்டை அப்படியே விட்டுவைக்கும். அதனால் ஸ்டார் போட்டவை தங்க ஓர் இடம் இருக்கிறது. Delete chat அந்த சாட்டையே எடுத்துவிடும். ஸ்டார் போட்டவையும் கூடவே போய்விடும்.

குரூப்பில் இது இன்னொரு வேடத்தில் வரும். குரூப்பிலிருந்து வெளியேறுவதால் மட்டும் பழைய மெசேஜ்கள் போகாது. உங்கள் ஃபோனில் இருக்கும், ஸ்டாரும் இருக்கும். வெளியேறிய பிறகு Delete group கொடுத்தால்தான் எல்லாம் போகும். பள்ளி முடிந்து பிள்ளைகளின் வகுப்பு குரூப்பை விட்டு வெளியேறும்போது பலரும் இரண்டையும் அடுத்தடுத்து செய்துவிடுகிறார்கள், உள்ளே கட்டண ரசீதுக்கு ஸ்டார் போட்டிருந்ததை மறந்து.

அனுப்பியவரே "எல்லோருக்கும் அழி" கொடுத்துவிட்டால்?

ஸ்டார் காப்பாற்றாது. Delete for everyone கொடுத்தவுடன் அந்த இடத்தில் மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற வரிதான் நிற்கும். அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான நேரம் வரை இப்படி அழிக்க முடியும். குரூப்பில் அட்மினும் மற்றவர்களின் மெசேஜை அழிக்கலாம். அதனால் விலைப் பேச்சு, முன்பணம் வாங்கியதற்கான ஒப்புதல் போன்றவை வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவது நல்லது. பெயரும் தேதியும் நேரமும் திரையில் தெரியும்படி எடுங்கள்.

தானாக மறையும் மெசேஜ் என்றால் கதை வேறு. அங்கே 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைக்கலாம். அந்த சாட்டில் ஒன்றைத் தக்கவைக்க 2023-இல் Keep என்ற வசதி வந்தது. மெசேஜை அழுத்திப் பிடித்தால் புக்மார்க் போன்ற குறியாக வரும். ஸ்டாருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இது ரகசியமாக நடக்காது. அனுப்பியவருக்குத் தகவல் போகும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அவர் மறுத்துவிட்டால் கெடு முடிந்ததும் மெசேஜ் போய்விடும். அவர் பேச்சு, அவர் முடிவு என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. உங்களுக்கு நிஜமாகவே தேவை என்றால் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்டார் இருக்கிறது, தொட்டால் படம் மங்கலாக இருக்கிறது, திறக்கவில்லை. ஏன்?

எனக்கே நடந்தது இது. வீட்டு ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்களைப் படமெடுத்து வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். நான்குக்கும் ஸ்டார் போட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வருடம் கழித்து வாடகை புதுப்பிக்கும்போது Starred உள்ளே போய்ப் பார்த்தால் நான்கும் புகைமூட்டமாகத் தெரிந்தன. தொட்டால், கோப்பு ஃபோனில் இல்லை, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது.

நடுவில் ஒருநாள் இடம் போதவில்லை என்று கேலரியில் வாட்ஸ்அப் படங்கள் இருந்த ஆல்பத்தையே மொத்தமாக அழித்திருந்தேன். காரணம் அதுதான். மெசேஜும் அதில் வந்த படமும் ஃபோனில் இரண்டு தனி இடங்களில் இருக்கின்றன. எழுத்து வாட்ஸ்அப்பின் தரவுத்தளத்தில் இருக்கும், ஸ்டாரும் அங்கேதான். படம், வீடியோ, பிடிஎஃப், வாய்ஸ் நோட் எல்லாம் கோப்புகளாக வேறு அடைவில். ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் இங்கே இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

கேலரியில் அழித்தாலோ, ஃபோனைச் சுத்தம் செய்யும் ஏதாவது செயலி அழித்தாலோ, கோப்பு போய்விடும். தரவுத்தளத்தில் ஸ்டார் அப்படியே நிற்கும், காட்டுவதற்குத்தான் எதுவும் இருக்காது. கோப்பை அழிக்கும் கேலரிக்கோ செயலிக்கோ ஸ்டார் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே எழுத்து மெசேஜுக்கு, அதாவது ஒரு கணக்கு எண், முகவரி, மருந்தின் பெயர், ஒரு தேதி போன்றவற்றுக்கு, ஸ்டார் நன்றாக உதவும். படத்துக்கும் ஆவணத்துக்கும் குரலுக்கும் ஸ்டார் மட்டும் போதாது. கோப்பையும் தனியே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

அப்படியானால் அழிக்கும் முன் முறையாக என்ன செய்வது? வரிசையாகச் சொல்ல முடியுமா?

அத்தையின் ஃபோனில் நடந்ததையே சொல்கிறேன்.

முதலில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, குரூப்பில் எவையெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். மாமாவின் குரல், பட்டாவின் பிடிஎஃப், சித்தப்பா அனுப்பிய குலதெய்வக் கோயில் பூசாரியின் எண், பெரியம்மா எழுதி அனுப்பிய சர்க்கரை மருந்துப் பட்டியல், பேத்தி பிறந்த நேரம் எழுதிய மெசேஜ். இன்னும் ஆறு. மொத்தம் பதினொன்று. பல வருட குரூப்பில் பதினொன்றுதான்.

தேடுவதுதான் நேரம் பிடித்தது. எழுத்து மெசேஜ்களை சாட்டின் தேடலில் ஒரு சொல் கொடுத்துக் கண்டுபிடித்தோம். பட்டாவுக்கு குரூப்பின் பெயரைத் தொட்டு Media, links, and docs உள்ளே Docs போனால் ஆவணங்கள் மட்டும் மாத வாரியாக வரும். வாய்ஸ் நோட்டைச் சொல் கொடுத்துத் தேட முடியாது. அத்தைக்கு அது வந்தது மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தைய நாள் என்று நினைவிருந்தது. தேடலில் "அறுபதாம்" என்று கொடுத்ததும் அழைப்பிதழ் பற்றிய பேச்சு வந்தது. அங்கிருந்து இரண்டு திரை மேலே போனதும் கிடைத்தது. கண்டுபிடித்தது ஒவ்வொன்றுக்கும் அங்கேயே ஸ்டார்.

அடுத்து, கோப்பாக இருந்தவற்றை வெளியே எடுத்தேன். வாய்ஸ் நோட்டை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியில் Share கொடுத்து, அத்தையின் கூகுள் டிரைவில் "குடும்பம்" என்று ஓர் அடைவு உருவாக்கி அதில் போட்டேன். பெயர் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருந்தது. அதை மாற்றி "மாமா குரல்" என்று வைத்தேன். பெயர் மாற்றாமல் விட்டால் இரண்டு வருடம் கழித்து அது என்ன என்று யாருக்கும் தெரியாது. பிறகு டிரைவிலிருந்தே திறந்து முழு 42 விநாடியும் ஓடுகிறதா என்று கேட்டோம். அத்தை இரண்டு முறை கேட்டார். பட்டாவையும் படங்களையும் அப்படியே ஏற்றித் திறந்து பார்த்தோம்.

அப்புறம் Settings, Chats, Chat backup போய் ஒரு பேக்கப் எடுத்தேன். தவறு நடந்தால் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் Clear chat. ஸ்டார் போட்டவற்றை அழிக்கும் டிக் இல்லை என்று வரியை வாசித்து உறுதி செய்தேன். கேலரிப் படங்களை அழிக்கும் டிக்கை இருக்கவிட்டேன், ஏனென்றால் இடம் பிடித்தவை அவைதான். வேண்டியவை ஏற்கெனவே டிரைவில் பத்திரமாக இருந்தன. முடிந்ததும் குரூப்பைத் திறந்தால் பதினொரு மெசேஜ் மட்டும் தேதிவாரியாக நின்றன.

எனக்கு நானே ஃபார்வர்டு செய்துகொண்டால் போதாதா?

சில விஷயங்களுக்கு ஸ்டாரைவிட இது மேல். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 முதல் இருக்கிறது. தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் You என்று வரும். அங்கே ஃபார்வர்டு செய்தது தனி மெசேஜ். மூல சாட்டை நீங்கள் அழித்தாலும், அனுப்பியவர் எல்லோருக்கும் அழித்தாலும், இது நிற்கும்.

குறை ஒன்று உண்டு: யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது ஃபார்வர்டில் வராது. பூசாரியின் எண்ணுக்கு அது பரவாயில்லை. "பத்தாயிரம் வாங்கிக்கொண்டேன்" என்ற மெசேஜுக்கு யார், எப்போது என்பதுதான் உயிர். அதற்கு ஸ்டாரும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். இன்னொன்று, Manage storage வழியாக இடம் காலி செய்யும்போது நகல்களையும் சேர்த்து அழிக்கலாமா, ஸ்டார் போட்டவற்றையும் அழிக்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் சரி சரி என்று தட்டிவிடாதீர்கள்.

டெலிகிராமின் Saved Messages-உம் இதே மாதிரியா?

அமைப்பே வேறு. அது உண்மையிலேயே தனி இடம். நீங்கள் அங்கே அனுப்புவது நகல். மூல சாட்டை யார் அழித்தாலும் அது பாதிக்கப்படாது. டெலிகிராமில் எதிரில் இருப்பவர் கால வரம்பின்றி இரு பக்கமும் அழிக்க முடியும் என்பதால் இந்த நகல் அங்கே ரொம்ப அவசியம். கோப்புகளும் உங்கள் ஃபோனில் இல்லாமல் அவர்களின் சேவையகத்தில் இருப்பதால் ஃபோன் கேலரியைச் சுத்தம் செய்தாலும் போகாது, புது ஃபோனில் அதே எண்ணில் நுழைந்தால் எல்லாம் அப்படியே வரும். யாரிடமிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் மேலே தெரியும்.

ஆனால் அது இருமுனை மறையாக்கம் இல்லாத இடம், அதாவது அங்கே இருப்பதை நீங்கள் மட்டும்தான் படிக்க முடியும் என்ற உறுதி இல்லை. ஆதார் படம், வங்கி ஆவணம், கடவுச்சொல் போன்றவற்றை நான் அங்கே வைப்பதில்லை. ரொம்ப நாள் உள்ளே நுழையாவிட்டால் கணக்கு தானாக அழியும் ஏற்பாடும் டெலிகிராமில் உண்டு. எவ்வளவு காலம் என்பதை அமைப்புகளில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். எப்போதாவது திறப்பவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

Starred பட்டியல் பெருகிவிட்டது. அதைச் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், குறிகளைப் பார்த்துத் தொடுங்கள். பட்டியலில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட நட்சத்திரமும் வரும், குப்பைத் தொட்டியும் வரும். நட்சத்திரத்தைத் தொட்டால் அடையாளம் மட்டும் போகும், மெசேஜ் சாட்டில் இருக்கும். தொட்டியைத் தொட்டால் மெசேஜே போய்விடும். ஆண்ட்ராய்டில் மேல் மூலையில் Unstar all என்றும் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் எல்லா அடையாளமும் ஒரே அடியில் போகும். மெசேஜ்கள் இருக்கும்தான், ஆனால் அடுத்த முறை Clear chat கொடுக்கும்போது காப்பாற்ற எதுவும் இல்லாமல் போய்விடும்.

தவறுதலாக ஸ்டார் போட்டவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். மீட்க முடியுமா?

பேக்கப் இருந்தால் முடியும், ஆனால் உடனே செய்ய வேண்டும். முதலில் Settings, Chats, Chat backup போய் கடைசி பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அழித்ததற்கு முந்தைய நேரம் என்றால் வாய்ப்பு உண்டு. அங்கே இருக்கும் Back up பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டால் அழித்த பிறகான நிலைமை பழையதன் மேல் ஏறிவிடும். தானாக எடுக்கும் பேக்கப் வழக்கமாக அதிகாலை இரண்டு மணிவாக்கில் ஓடும். அதனால் அன்று இரவுக்குள் முடிக்கப் பாருங்கள், முடியாவிட்டால் தானியங்கி பேக்கப்பையாவது நிறுத்தி வையுங்கள்.

பிறகு வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி நிறுவி, அதே எண்ணையும் அதே கூகுள் கணக்கையும் கொடுங்கள். ஐஃபோனில் ஐகிளவுட் கணக்கு. Restore கேட்கும்போது சரி கொடுக்க வேண்டும். தவிர்த்துவிட்டுப் போனால் பின்னால் அதே வழிக்குத் திரும்ப, மறுபடி நீக்கி நிறுவ வேண்டியிருக்கும். பேக்கப் எடுத்த நேரத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் வந்த மெசேஜ்கள் போய்விடும். ஆகவே நீக்கும் முன், இன்று வந்த முக்கியமானவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் அது நினைவில் இருக்கிறதா என்றும் நீக்கும் முன்பே உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் பேக்கப்பைத் திறக்க முடியாது.

மெசேஜ்கள் திரும்பி வந்ததும் ஸ்டார்களும் கூடவே வரும். வீடியோக்கள் பேக்கப்பில் சேர்க்கப்படாமல் இருந்திருந்தால் அவை மட்டும் மங்கலாக நிற்கும். அவற்றை அனுப்பியவரிடமோ குரூப்பில் வேறு யாரிடமோ இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.